‘அவர்கள் சமூகத்திற்கு’ எழுதிய ஒரு கடிதம்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தொட்டுவிட்டது. தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்தவர் என்பதால் இன்றும் ஒற்று மிகுமிடம் தவறினால் தெருவிலேயே நிறுத்தித் திருத்துவார். அவருடைய பெயரை மாற்றி இங்கே சு. மாணிக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். முதலெழுத்து அவருடைய தந்தையார் சுப்பையாவைக் குறிக்கிறது. நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் மூன்று தாள்களுடன் வந்தார். முதல் தாளில் அவர் தம் கைப்படத் தமிழில் எழுதிய கடிதம் இருந்தது. அடுத்தது அவருடைய மருமகன் அதை ஆங்கிலமாக்கி அனுப்பிய படி. மூன்றாவது, இங்கிலாந்திலுள்ள ஒரு மருத்துவமனையின் ஓய்வூதியப் பிரிவிலிருந்து வந்த பதில்.

பதில் மிகவும் சுருக்கமானது. கடிதத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டிருந்தார்கள். தங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் எங்கள் மருத்துவமனையில் பணிபுரிந்தார்கள்? நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஐயாவுக்கு இது புரியவேயில்லை. “ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், தம்பி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். இதற்கு மேல் என்ன கேள்வி இருக்கிறது?” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். தமிழ்க் கடிதத்தில் எதுவும் விடுபடவில்லை. அதன் தொடக்கத்தை அவருடைய அனுமதியுடன் இங்கே தருகிறேன்:

“பெருமதிப்பிற்குரிய ஓய்வூதிய மேலாளர் அவர்கள் சமூகத்திற்கு, சு. மாணிக்கம் தாழ்மையுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம். ஐயா, வணக்கம். எல்லாம் வல்ல இறைவன் அருளால் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமே வாழ வேண்டுகிறேன். எங்கள் அண்ணன் அவர்கள் தங்கள் மேலான மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்றுத் தாய்மண் திரும்பி, சென்ற மாசி மாதம் இறைவனடி சேர்ந்தார்கள் என்பதைக் கனத்த இதயத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணியார் அவர்கள் எழுபத்தாறு வயது நிரம்பியவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் குறித்துத் தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு இருகரம் கூப்பி வேண்டிக்கொள்கிறேன்.”

நம் ஊர் அலுவலகம் எதற்குக் கொடுத்தாலும் இது குறைசொல்ல முடியாத விண்ணப்பம். மருமகன் செய்த தவறு ஒன்றுதான்: ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்ற மரியாதையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். ‘சமூகத்திற்கு’ என்பது சமுதாயம் என்ற பொருளில் ‘கம்யூனிட்டி’ ஆகியிருந்தது. ‘எங்கள் அண்ணன் அவர்கள்’ என்பது எங்கள் சகோதரர்கள் என்ற பொருளில் ‘அவர் பிரதர்ஸ்’ ஆகி, அதற்கேற்ப வினைகள் எல்லாம் ‘தே’ என்ற பன்மையில் ஓடின. ‘அண்ணியார் அவர்களும்’ பலராகி, எழுபத்தாறு வயது நிரம்பிய பலர் பணம் கேட்பதுபோல அமைந்துவிட்டது. ‘ஆவன செய்யுமாறு’ என்பதற்கு நம்மூர் ஆங்கிலத்தின் நிரந்தரச் சொத்தான ‘டூ தி நீட்ஃபுல்’ வந்திருந்தது. அந்த அதிகாரி கேட்ட இரண்டு கேள்விகளும் எங்கிருந்து முளைத்தன என்பது இப்போது விளங்கும். எத்தனை பேர் என்ற கேள்வி ‘அவர்கள்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி ‘ஆவன’ என்பதிலிருந்து வந்தது.

இந்த ‘அவர்கள்’ பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களும் இதில் வழுக்குகிறார்கள். தமிழில் ‘அவர்’ என்பதே இலக்கணப்படி பலர்பால்தான். ஒருவரை உயர்த்திச் சொல்வதற்காக அதை ஒருமைக்கு எடுத்துக்கொண்டோம். பிறகு அதுவும் சாதாரணமாகிவிட்டதால் ‘கள்’ விகுதியைச் சேர்த்து ‘அவர்கள்’ என்று இன்னொரு படி ஏற்றினோம். இப்போது ஒரே சொல், உண்மையான பலரையும் மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கிறது. தமிழ் வாசகர் சூழலைக்கொண்டு தயங்காமல் பிரித்துக்கொள்வார். ஆங்கில வாசகருக்கு அந்தச் சூழல் கிடையாது. எழுத்தில் பெயரை அடுத்து நிற்கும் ‘அவர்கள்’ பெரும்பாலும் மரியாதைதான் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்கும்போது இடர் பெரிது. “டாக்டர் வந்தாங்க, பார்த்தாங்க, மருந்து எழுதிக் குடுத்தாங்க” என்று ஒரு முதியவர் சொல்லும்போது, வந்தது ஒரு மருத்துவரா, இருவரா, ஆணா, பெண்ணா என்று அந்த வாக்கியத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆங்கிலமோ எத்தனை பேர் என்பதை உடனே கேட்கிறது. ஒருவர் என்றால் ஆணா, பெண்ணா என்பதையும் கேட்கிறது. அந்த இடத்தில் ஊகிக்காமல் சொன்னவரிடமே கேட்டுவிடுவதுதான் நாணயமான வேலை. நான் வைத்திருக்கும் வழக்கம் எளிது: கடிதத்தில் வரும் ஒவ்வொரு ‘அவர்கள்’, ‘தார்கள்’ மீதும் பென்சிலால் ஒரு எண்ணைப் போடுவேன். ஒருவர் என்றால் ஒன்று, பலர் என்றால் பல. எண் போட முடியாத இடத்தில் வட்டமிட்டு எழுதியவரிடம் கேட்பேன். ஐயாவின் கடிதத்தில் எல்லா இடத்திலும் ஒன்று என்றே விழுந்தது.

‘சமூகத்திற்கு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இது சமுதாயம் அன்று. பெரியவர் ஒருவருடைய முன்னிலை, சந்நிதானம் என்ற பொருளில் ‘சமுகம்’ என்று வழங்கிய சொல், கடித வழக்கில் ‘சமூகம்’ ஆகிவிட்டது. ‘இன்னார் அவர்கள் சமூகத்திற்கு’ என்றால் இன்னாருடைய முன்னிலையில் வைக்கப்படுவது என்று பொருள். அரசவையில் நின்றுகொண்டு பேசுகிற தோரணை அது. ஆங்கிலக் கடிதத்தில் இதற்கு வேலையே இல்லை. மேலே எழுதும் பெறுநர் முகவரியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையை ஐயாவிடம் சொன்னேன். நாம் நமது பண்பாட்டின் அடையாளமாக நினைத்துக்கொண்டிருக்கும் இந்த விண்ணப்ப நடையில் பாதி, அந்தக் கால ஆங்கிலத்தின் நிழல். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலும் அதன்பின் வந்த ஆட்சியிலும் ஆங்கிலேய அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே ‘தங்களுக்கு எழுதும் கௌரவத்தைப் பெற்றிருக்கிறேன்’ என்று தொடங்கி, ‘தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று முடித்துத்தான் எழுதிக்கொண்டார்கள். மேலதிகாரிக்கு மட்டுமல்லாமல், தங்களுக்குச் சமமானவருக்கும் அப்படியே எழுதினார்கள். மனுக்கள் ‘தாழ்மையான விண்ணப்பம் தெரிவிப்பது யாதெனில்’ என்ற வாய்பாட்டில் இருந்தன. நம்முடைய ‘கீழ்ப்படிதலுள்ள’, ‘தங்கள் உண்மையுள்ள’ ஆகியவை அந்த வாய்பாடுகளுக்கு நிகராகவே வேரூன்றின. நம்மிடமிருந்தும் அங்கே போனவை உண்டு. சென்னை மாகாணத்து ஆங்கில ஆவணங்களில் இந்தியர் பெயருக்கு முன் ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கமான எம்.ஆர்.ஆர்.ஒய். என்ற எழுத்துகளும், பெயருக்குப் பின் ‘அவர்கள்’ என்பதன் சுருக்கமான ஏ.வி.எல். என்ற எழுத்துகளும் இருக்கும். பழைய அழைப்பிதழ்களையும் அரசாணைகளையும் புரட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். பிறகு இங்கிலாந்து அந்த நடையைக் கைவிட்டுவிட்டது. நாம் வைத்துக்கொண்டோம். ஆகவே ஐயாவின் கடிதத்தை அதற்கு ‘நேரான’ ஆங்கிலத்தில் பெயர்த்தால் இன்றைய வாசகர் அதில் மரியாதையைக் காணமாட்டார். நூறாண்டுக்கு முந்தைய கோப்பு ஒன்று தவறித் தம் மேசைக்கு வந்துவிட்டதாகத்தான் நினைப்பார்.

அப்படியானால் எல்லா மரியாதைச் சொற்களையும் வெட்டி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. முன்னொட்டுகளில் இரண்டு வகை உண்டு; அவற்றைப் பிரித்தறிவதுதான் முதல் வேலை. ஒன்று பதவியோடு ஒட்டியது. அமைச்சருக்கு ‘மாண்புமிகு’, நீதிபதிக்கு ‘மாண்பமை’, பல்கலைக்கழக ஆய்வுப் பட்டத்துக்கு ‘முனைவர்’ என்பவை எழுதுபவரின் மனநிலையைப் பொறுத்தவை அல்ல. அந்தப் பதவிக்கோ பட்டத்துக்கோ உரியவை. இவற்றுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த இணைகள் இருக்கின்றன, அவற்றை அப்படியே இட வேண்டும். முதல் இரண்டுக்கும் ‘ஆனரபிள்’ ஒன்றே போதும். தமிழில் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் காட்ட முயல வேண்டியதில்லை. இவையும் காலத்தால் மாறும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் நெடுங்காலம் வழங்கிய ‘எக்ஸலன்சி’ என்ற அடைமொழியை உள்நாட்டு வழக்கில் தவிர்க்குமாறு 2012இல் குடியரசுத் தலைவர் மாளிகை அறிவித்தது. அதன்பின் ‘ஆனரபிள்’ போதும். ‘மேதகு’ என்று தமிழில் பார்த்தவுடன் கை பழக்கத்தில் பழைய சொல்லைத் தட்டச்சு செய்துவிடும்.

இரண்டாவது வகை, எழுதுபவரின் பணிவைச் சொல்வது: உயர்திரு, பெருமதிப்பிற்குரிய, மேலான, தாழ்மையுடன், இருகரம் கூப்பி. இவை பெயர்ச்சொல்லின் மேல் பூசிய சந்தனம். இவற்றுக்கு ஆங்கிலத்தில் தனித்தனி இணைச்சொல் தேடினால் கடிதம் கேலிக்கூத்தாகும். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எடையாகக் கருதி, அந்த எடையை ஆங்கிலம் எந்த இடத்தில் தாங்குமோ அங்கே இறக்கி வைக்க வேண்டும். அந்த இடம் வினைமுற்று. தமிழில் மரியாதை விளியிலும் பெயரிலும் அடைமொழியிலும் வினை விகுதியிலும் பரவிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் ‘நீ’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ மூன்றுக்கும் ஒரே ‘யூ’தான் என்பதால் பெயர்ப் பக்கத்தில் இடமில்லை. அதனால் அது ‘வுட்’, ‘குட்’ போன்ற துணைவினைகளில் போய் உட்கார்கிறது. ‘அனுப்பி வைக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்’ என்பதற்கு ‘ஐ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ குட் செண்ட்’ என்பது முழு நிகர். அதில் பணிவைக் குறிக்கும் தனிச்சொல் எதுவும் இல்லை. ஆனால் மறுப்பதற்கு அடுத்தவருக்கு இடம் விட்டிருக்கிறது, அந்த இடம் விடுதலைத்தான் அந்த மொழியினர் மரியாதையாகக் கேட்கிறார்கள். இதற்கு மேல் ‘கைண்ட்லி’, ‘ஹம்ப்ளி’ என்று அடுக்கினால் எடை கூடாது, சந்தேகம்தான் கூடும்.

விளியில்தான் எங்களுக்குள் பெரிய வழக்கு வந்தது. மருமகன் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கியிருந்தார். பதில் போட்டவர் ஒரு பெண். கையெழுத்துக்குக் கீழே முழுப் பெயரும் அடைப்புக்குறிக்குள் ‘மிஸஸ்’ என்றும் இருந்தது. அவருடைய குடும்பப் பெயரை இங்கே ‘எச்’ என்று குறிக்கிறேன். நான் ‘டியர் மிஸஸ் எச்’ என்று எழுதியதைப் பார்த்ததும் ஐயாவின் முகம் மாறியது. “முன்பின் தெரியாத ஒரு அம்மாளை நான் ‘அன்பே’ என்று அழைப்பதா? அதுவும் பெயரைச் சொல்லி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடம் ‘அன்புள்ள’ என்றால் அன்பு இருக்க வேண்டும்; மகனுக்கும் நண்பருக்கும் எழுதும் சொல் அது. ஆங்கிலக் கடிதத்தின் ‘டியர்’ அந்தப் பொருளை எப்போதோ இழந்துவிட்டது. வரி கட்டச் சொல்லி மிரட்டும் கடிதமும் அதில்தான் தொடங்குகிறது. பெயரைச் சொல்லுவதிலும் இதே தலைகீழ். நமக்குப் பெரியவர் பெயரைச் சொல்லாமல் பதவியையோ உறவையோ சொல்லுவது மரியாதை. அங்கே பெயர் தெரிந்த பிறகும் ‘சார்’, ‘மேடம்’ என்று எழுதினால், என் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். பட்டத்தையும் குடும்பப் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவதுதான் அவர்களுக்கு ‘பெருமதிப்பிற்குரிய’. முடிவுரையும் இதோடு பிணைந்தது. பெயர் தெரியாமல் ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடிக்க வேண்டும். பெயரைச் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இதை ஐயா உடனே பிடித்துக்கொண்டார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு மாதிரி என்றார்.

அடுத்து ‘கருணை கூர்ந்து’. இதில் வெறும் நடைப் பிரச்சினையோடு பணப் பிரச்சினையும் இருந்தது. மருமகன் அதை ‘கம்பேஷன்’ என்று எழுதியிருந்தார். தமிழில் அது ஒரு மரியாதை வாய்பாடு. நமக்கு உரிமையுள்ளதைக் கேட்கும்போதும் கருணை கூரச் சொல்லுவோம், ரேஷன் அட்டையில் முகவரி மாற்றக்கூட. ஆனால் அலுவலக ஆங்கிலத்தில் ‘கம்பேஷனேட்’ என்பது தனி வகை. விதிப்படி உரிமை இல்லாத ஒருவருக்கு அதிகாரி தம் விருப்புரிமையால் இரங்கிக் கொடுப்பது. நம் அரசு அலுவலகங்களிலேயே ‘கருணை அடிப்படையில் பணி நியமனம்’ என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்புதான். கணவர் செலுத்திய பங்களிப்பின் பேரில் விதிப்படி மனைவிக்கு வரக்கூடிய ஓய்வூதியத்தை இரக்கத்தின் பேரில் கேட்டால், கடிதத்தைப் படிப்பவர் அதை வேறொரு கோப்பில் போட்டுவிடக்கூடும். ஆகவே அங்கே மரியாதையைக் குறைத்தேன் என்பதைவிட, உரிமையைத் திருப்பி வைத்தேன் என்றுதான் ஐயாவிடம் சொன்னேன். ‘ஆவன’ என்பதையும் விரித்தேன். அண்ணியாருக்கு ஓய்வூதியம் உண்டா என்று சொல்ல வேண்டும். உண்டென்றால் எந்தப் படிவம், எந்தச் சான்றுகள் என்று தெரிவிக்க வேண்டும். தமிழில் என்ன செய்வது என்பதை அதிகாரியின் அறிவுக்கு விட்டுவிடுவது பணிவு. ஆங்கிலத்தில் அதைச் சொல்லாமல் விடுவது அவர் தலையில் வேலையை ஏற்றுவது.

இறப்பைச் சொல்லும் வாக்கியத்தில் நான் நெடுநேரம் நின்றேன். ‘இறைவனடி சேர்ந்தார்கள்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அந்த அதிகாரிக்குச் செய்தி விளங்காமலே போகலாம். ‘டைட்’ என்று ஒரே சொல்லில் போட்டால் ஐயாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருக்கும். ஆங்கிலத்தில் ‘மை லேட் பிரதர்’ என்பது ஓர் அருமையான ஏற்பாடு; ‘தெய்வத்திரு’, ‘அமரர்’, ‘காலஞ்சென்ற’ எல்லாவற்றையும் அந்த ஒரு சிறு அடைமொழி சுமந்துகொள்கிறது. தேதியைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘டைட் ஆன்’ என்று நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் இறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பார்ப்பவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். ‘மாசி மாதம்’ என்பது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை ஓடும். அதைச் சான்றிதழ்த் தேதியாக மாற்றினோம். அண்ணியாரை ‘சிஸ்டர் இன் லா’ என்று மட்டும் விட்டால் கொழுந்தியாளா, தம்பி மனைவியா, மனைவியின் அக்காளா என்று தெரியாது. ‘மை லேட் பிரதர்ஸ் விடோ’ என்றதும் உறவும் உரிமையும் சேர்ந்தே விளங்கிவிடுகின்றன.

இப்படியாக, அனுப்பிய கடிதத்தின் தொடக்கம் இவ்வாறு அமைந்தது: “டியர் மிஸஸ் எச், தேங்க் யூ ஃபார் யுவர் லெட்டர். ஐ ஆம் ரைட்டிங் ஆன் பிஹாஃப் ஆஃப் மை லேட் பிரதர்ஸ் விடோ, ஹூ இஸ் செவன்டி சிக்ஸ். மை பிரதர் வொர்க்ட் அட் யுவர் ஹாஸ்பிட்டல் ஃபார் ட்வென்டி டூ இயர்ஸ்.” பிறகு இறந்த தேதி, அவருடைய ஓய்வூதிய எண். அதன் பின் வேண்டுகோள்: “வீ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ குட் டெல் அஸ் வெதர் ஷீ இஸ் என்டைட்டில்ட் டு எ விடோஸ் பென்ஷன், அண்ட் வாட் ஷீ நீட்ஸ் டு செண்ட் யூ.” ஒன்றரைப் பக்கம் பத்து வரியாகிவிட்டது. யார், யாருக்காக, எதைக் கேட்கிறார் என்பது முதல் சில வரிகளுக்குள் வந்துவிட்டதா என்பதுதான் நான் வைக்கும் சோதனை. தமிழ் மூலத்தில் கேள்வி, மேலே தந்த பகுதியின் கடைசி வாக்கியத்தில்தான் வருகிறது. நம் மரபில் முதலில் வணக்கம், பிறகு நலம், பிறகு நிலைமை, கடைசியில்தான் வாய்திறந்து கேட்பது.

ஐயா அதை இரண்டு முறை படித்தார். பிறகு, “என் கடிதம் எங்கே?” என்றார். அதற்கு வாதத்தால் பதில் சொல்வதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஆங்கிலக் கடிதத்தை, அதைப் பெறும் ஆங்கிலேயர் எப்படி உணர்வாரோ அப்படியே தமிழில் வாய்மொழியாகத் திருப்பிச் சொன்னேன்: “மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, தங்கள் கடிதத்திற்கு நன்றி. காலஞ்சென்ற எங்கள் அண்ணன் அவர்களின் துணைவியார் சார்பில் இதனை எழுதுகிறேன்…” என்று. சொல்லச் சொல்ல அவர் கையால் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். மூத்தவர்களுக்காக மொழிபெயர்க்கும்போது இந்தத் திருப்பிச் சொல்லுதலை நான் எப்போதும் செய்கிறேன். தம் மரியாதை வழியில் தொலைந்துபோகவில்லை என்று அவர்கள் தம் காதாலேயே கேட்க வேண்டும். அப்படிச் சொல்ல முடியாமல் எங்காவது என் நாக்கு தடுமாறினால் அந்த வாக்கியத்தில் உண்மையிலேயே எதையோ கைவிட்டிருக்கிறேன் என்று பொருள்.

ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அம்மையாரும் குடும்பத்தாரும் நலமாக வாழ வேண்டும் என்ற வரி. முன்பின் அறியாத அலுவலரின் குடும்பத்தை விசாரிப்பது அங்கே சற்று அத்துமீறலாகப் படலாம் என்றேன். “வேண்டிக்கொள்வதில் அத்துமீறல் என்ன இருக்கிறது?” என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த வரி வாய்பாடு இல்லை. அவர் நினைத்து எழுதியது. ஆகவே தொடக்கத்திலிருந்து எடுத்துக் கடைசியில், கையெழுத்துக்கு முன்னால், ‘வித் மை குட் விஷஸ் டு யூ’ என்று வைத்தேன். இடம் மாறியது, குடும்பம் உதிர்ந்தது, வாழ்த்து நின்றது. இதற்கு மேல் வெட்டியிருந்தால் அது அவருடைய கடிதமாக இருந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து அதே விஷயமாக உள்ளூர் வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தொகையை அண்ணியாரின் கணக்கில் வரவு வைப்பது பற்றியது. மேலாளர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் படிக்கத் தெரியாது, ஆகவே ஆங்கிலம். இப்போது ஐயா என்னிடம் கற்றதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘டியர் மிஸ்டர்’ என்று தாமே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதை அடித்துவிட்டு ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று போட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதுதான் சரி. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பதைத் தவறான ஆங்கிலம் என்று சொல்லித் திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்திய அலுவலகத்தில், இந்தியர் ஒருவர் படிக்க, இந்தியர் ஒருவர் எழுதும் ஆங்கிலத்தில் அது இயல்பான விளி. வாடிக்கையாளர் ஒருவர் கிளை மேலாளரைப் பெயர் சொல்லி அழைத்து எழுதினால்தான் அங்கே புருவம் உயரும். ‘கைண்ட்லி’யும் அங்கே செல்லும். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினால் ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’ கூட வேண்டியதில்லை. 1967க்குப் பின் ஸ்ரீ, ஸ்ரீமதிக்குப் பதிலாகத் திரு, திருமதி வந்தபோது, அவை ஆங்கில ஆணைகளுக்குள்ளும் அப்படியே நுழைந்துவிட்டன. இன்றும் கோட்டையிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களில் ஆண் பெயருக்கு முன் ‘திரு’ ஆங்கில எழுத்தில் இருக்கும், பெண் பெயருக்கு முன் டி.எம்.டி. என்ற மூன்று எழுத்துகள் ‘திருமதி’யின் சுருக்கமாக நிற்கும். அதை ‘மிஸஸ்’ என்று ‘திருத்தி’ அனுப்பினால் திருத்தப்பட்டது எதுவுமில்லை.

இங்கிலாந்திலிருந்து மறு கடிதம் வந்தது. அண்ணியாருக்கு ஓய்வூதியம் உண்டு என்றும், இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பும்படியும் எழுதியிருந்தார்கள். முதல் பதிலைப் போலவே இதுவும் ‘டியர் மிஸ்டர் சுப்பையா’ என்றே தொடங்கியது. முதல் முறை ஐயா அதைக் கவனிக்கவில்லை போலும். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது எங்க அப்பாவுக்கு வந்த கடிதம்” என்றார். தவறு அந்த அதிகாரியுடையது அன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அங்கே ‘மிஸ்டர்’ என்ற சொல் குடும்பப் பெயரோடு மட்டும்தான் ஒட்டும். மருமகன் முதலெழுத்தை விரித்து மாணிக்கம் சுப்பையா என்று எழுதியதால் கடைசிச் சொல் குடும்பப் பெயராகிவிட்டது. அண்ணனுடைய கடவுச்சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் அவரை அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவருடைய தந்தை பெயரால்தான், வேறு மரியாதை எதுவும் சேர்க்காமல், அழைத்திருக்கிறார்கள். ஐயாவின் பெயரை அடுத்த கடிதத்தில் முதலெழுத்தோடு ‘எஸ். மாணிக்கம்’ என்று மட்டும் இட்டு, கீழே ‘ப்ளீஸ் அட்ரஸ் மீ அஸ் மிஸ்டர் மாணிக்கம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். ஆனால் படிவம் அப்படி விடவில்லை. அண்ணனின் பதிவில் உள்ளபடியே அண்ணியார் அங்கே ‘மிஸஸ் சுப்பையா’. படிவத்தில் அது பொருந்தாவிட்டால் பணம் வராது.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணியார் திண்ணையில் உட்கார்ந்து, தம் பெயரை ஆங்கிலத்தில் நடுங்கும் கையால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அடுத்த கட்டத்தில் குடும்பப் பெயர் எழுத வேண்டும் என்றேன். எந்தப் பெயர் என்று கேட்டார். சொன்னேன். மாமனார் பெயரை அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, “நீங்களே எழுதிடுங்க, தம்பி” என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.